மூணுக்கு ஒண்ணு

எங்கள் பக்கத்தில் கல்யாணச் சீருக்குப் பாத்திரம் எடுத்தால், கடைக்காரர் பில் போட்ட பிறகு ஒரு கேள்வி கேட்பார். "பேரு வெட்டணுங்களா?" ஓரத்தில் ஒருவர் சின்ன மின்கருவியோடு உட்கார்ந்திருப்பார். ஊசி கிர்ரென்று அதிர, எவர்சில்வர் குடத்தின் கழுத்தில் புள்ளி புள்ளியாக எழுத்து விழும். அவருக்கு அளவுகோல் கிடையாது. இடப்பக்கம் ஆரம்பித்து, பேர் முடியும் இடத்தில் நிறுத்துவார். குடம் வட்டமாக இருப்பதால் எங்கே ஆரம்பித்தாலும் அது ஆரம்பம்தான். பேர் நீளமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் சுற்றிப் போகும், அவ்வளவுதான். இடம் போதாது என்ற பிரச்சினையே அந்தத் தொழிலில் பெரும்பாலும் வராது.

நான் உட்கார்ந்திருக்கும் தொழிலில் அது ஒன்றுதான் பிரச்சினை. ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் கோப்பை, கேடயம், நினைவுப் பரிசு விற்கும் கடையில் கம்ப்யூட்டர் வேலை எனக்கு. கோப்பை டெல்லி, மீரட் பக்கமிருந்து பெட்டி பெட்டியாக வரும். அதன் அடிக்கட்டையில் ஒரு பட்டையான இடம் விட்டிருப்பார்கள். அந்த இடத்துக்கு ஒரு தகடு. கடையில் அதை "மூணுக்கு ஒண்ணு" என்போம். மூன்று அங்குல நீளம், ஓர் அங்குல உயரம். கோப்பை ஒன்றரை அடியாக இருந்தாலும் மூன்றடியாக இருந்தாலும் பாதிக்கு மேல் இந்த அளவுதான். கோப்பையைப் பெரிதாக வாங்கலாம். தகட்டைப் பெரிதாக்க முடியாது. கட்டை விட்ட இடம் அவ்வளவுதான்.

ஆனால் கோப்பை வாங்க வருகிறவர்கள் கொண்டு வரும் தாளில் இருப்பது ஒரு நோட்டீஸ். ஊர்ப் பேர், குழுப் பேர், எத்தனையாவது ஆண்டு, யார் நினைவாக, யார் வழங்கியது, அவருடைய பட்டம், பதவி, நாள், கிழமை, மைதானம், எந்தப் பரிசு. ஃபிளக்ஸ் பேனரில் எழுதிய அதே வாசகத்தை அப்படியே தகட்டிலும் எதிர்பார்ப்பார்கள். பேனர் பத்தடி. தகடு மூன்று அங்குலம். இந்த இரண்டுக்கும் நடுவில் யாரை வைத்துக்கொள்வது, யாரை விடுவது என்பதுதான் என் வேலை. கணக்கு மாதிரித் தெரியும். பல நேரம் அது கணக்கு மட்டும் இல்லை.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர். நான்கு பக்கமும் மூன்று மில்லிமீட்டர் ஓரம் விட வேண்டும். அதற்கும் கீழே குறைத்தால் எழுத்து தகட்டின் விளிம்பில் தொங்குவது போல இருக்கும். தகடு வெட்டியதில் துளி கோணல் இருந்தாலும் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். ஓரம் போக நமக்கு மிஞ்சுவது ஏறக்குறைய 70 மில்லிமீட்டர் அகலம், 19 மில்லிமீட்டர் உயரம். இரண்டு தீப்பெட்டி லேபிள் அளவு கூட இல்லை.

இங்கிலீஷ் தகடு என்றால் இந்த 19 மில்லிமீட்டரில் நான்கு வரி தாராளமாக உட்காரும். காரணம், கோப்பைத் தகட்டில் எல்லாம் பெரிய எழுத்து. பெரிய எழுத்துக்கு மேலேயும் ஒன்றும் நீட்டாது, கீழேயும் ஒன்றும் தொங்காது. செங்கல் அடுக்குவது மாதிரி அடுக்கிவிடலாம். தமிழ் அப்படி இல்லை. 'க', 'ம', 'ப' மாதிரி எழுத்தின் உடம்பு ஒரு உயரம். அதற்கு மேலே 'கி', 'கீ' என்ற விசிறி, 'க்' என்ற புள்ளி. கீழே 'கு', 'சு', 'மூ' என்ற வால். 'ழ', 'ற', 'ஞ' என்பவற்றின் கால். நாங்கள் வழக்கமாகப் போடும் எழுத்துருவில் அளந்து பார்த்திருக்கிறேன். உடம்பு ஒரு பங்கு என்றால், தலையும் வாலும் சேர்த்து, மேல்வரியோடு முட்டாமல் இருக்க, ஒரு வரிக்கு 1.9 பங்கு உயரம் வேண்டும். அதாவது தமிழ் வரி தனக்குத் தேவையானதில் கிட்டத்தட்ட பாதியைத்தான் உடம்புக்குத் தருகிறது. மீதி காற்று. ஆனால் அந்தக் காற்றை எடுத்தால் மேல்வரியின் 'சு' கீழ்வரியின் 'கி'யில் போய்ச் சிக்கிக்கொள்ளும்.

அகலத்துக்கும் ஒரு வழி வைத்திருக்கிறேன். எழுத்தை எண்ணக் கூடாது, வடிவத்தை எண்ண வேண்டும். 'கோ' என்பது இலக்கணத்தில் ஓர் எழுத்து. தகட்டில் அது மூன்று வடிவம்: இரட்டைச் சுழி, க, கால். 'பை' இரண்டு. 'கு' ஒன்று. 'நினைவுச் சுழற்கோப்பை' என்பதைப் பள்ளிக்கூடக் கணக்கில் எண்ணினால் பத்து எழுத்து. வடிவக் கணக்கில் பதினான்கு. ஒரு வடிவத்தின் அகலம் சராசரியாக உடம்பு உயரத்தைப் போல 1.2 மடங்கு என்று வைத்துக்கொண்டால் எந்த வரி உள்ளே வரும், எது வராது என்று தாளைப் பார்த்ததுமே சொல்லிவிடலாம். 'அ', 'ண', 'ஞ' இவையெல்லாம் அகலமானவை. 'ா', 'ர' ஒல்லியானவை. கூட்டிக் கழித்தால் சரியாக வரும்.

இனி ஒரு தகட்டின் கதையைச் சொல்கிறேன். 2019ஆம் ஆண்டு, தை பிறக்க ஒரு வாரம் இருந்தது. பொங்கலுக்கு எங்கள் பக்கத்தில் ஊருக்கு ஊர் கபடி நடக்கும். கடையில் கால் வைக்க இடம் இருக்காது. ராசிபுரம் பக்கத்துச் சின்ன ஊரிலிருந்து நான்கு பசங்களும், அவர்களோடு பேசாமல் ஒரு பெரியவரும் வந்தார்கள். பெரியவர் லாரி ஓட்டுகிறவர் என்று பிறகு தெரிந்தது. அவருடைய மகன் அந்தக் குழுவில் ஆடியவன். முந்தின வருஷம் பைக்கில் போகும்போது விபத்தில் போய்விட்டான். அவன் பேரில் சுழற்கோப்பை. பேரை நான் இங்கே எழுதவில்லை. ஒன்பது வடிவம், நடுவில் ஒரு 'ண', கடைசியில் 'ர்' என்பது மட்டும் போதும்.

பசங்கள் நீட்டிய தாளில் ஏழு வரி. முதலில் குழுவின் பேரும் 'நடத்தும் மூன்றாம் ஆண்டு' என்பதும். அடுத்து 'மாவட்ட அளவிலான கபடிப் போட்டி'. பிறகு 'அமரர்' போட்டு அந்தப் பையன் பேர். பிறகு 'நினைவுச் சுழற்கோப்பை'. 'முதல் பரிசு'. 'வழங்குபவர்' என்று ஒரு பிரமுகர் பேர், அவருடைய இரண்டு பட்டம், ஒரு பதவி. கடைசியில் நாளும் இடமும்.

ஏழு வரியை 19 மில்லிமீட்டரில் அடைத்தால் ஒரு வரிக்கு 2.7 மில்லிமீட்டர். அதை 1.9ஆல் வகுத்தால் உடம்பு 1.4 மில்லிமீட்டர். மாத்திரை அட்டையின் பின்பக்கம் இருக்கும் எழுத்து அந்த அளவு. லேசர் மெஷினுக்கு அது முடியாத காரியம் இல்லை. பிரச்சினை வேறு இடத்தில் வரும். 'ண'வில் மூன்று சுழி இருக்கிறது, 'ன'வில் இரண்டு. உடம்பு ஒன்றரை மில்லிமீட்டருக்குக் கீழே போனால், தடித்த எழுத்துருவில் அந்தச் சுழிகளின் உள்வெளி அடைந்துபோய் எல்லாம் ஒரே கறுப்புப் பொட்டாகிவிடும். ஸ்டீல் தகட்டில் கோட்டின் ஓரம் சூட்டில் சற்று விரியும். அச்சுத்தாளில் நிற்கிற சுழி தகட்டில் நிற்காது. அந்தப் பையன் பேரில் இருக்கும் 'ண', 'ன' என்று படிக்கப்படும். ஒரு மகன் பேரைத் தப்பாகப் படிக்க வைக்கும் கோப்பையை வருஷா வருஷம் மேடையில் தூக்கிக் காட்டப் போகிறோம். எனவே கணக்கை மேலிருந்து போடவில்லை, 'ண'விலிருந்து போட்டேன். கையில் கோப்பையைப் பிடித்தபடி, ஓர் அடி தூரத்தில், கண்ணாடி போடாத ஒருவருக்கு மூன்று சுழியும் தனித்தனியாகத் தெரிய, உடம்பு 3.5 மில்லிமீட்டர் வேண்டும். பேர் வரிக்கு 3.5. அது முடிவு. மீதி இடத்தில் மற்றவர்கள் தங்களுக்குள் பார்த்துக்கொள்ளட்டும்.

3.5ஐ 1.9ஆல் பெருக்கினால் 6.65. பத்தொன்பதில் அது போக மிச்சம் பன்னிரண்டு சொச்சம். 'நினைவுச் சுழற்கோப்பை'க்கு உடம்பு 2.5 என்று வைத்தால் 4.75 மில்லிமீட்டர் எடுத்துக்கொள்ளும். இனி ஏழரை மில்லிமீட்டர். இரண்டு வரிக்குத்தான் இடம்.

பசங்களிடம் சொன்னேன். "ஏழு வரி ஆகாதுங் தம்பி. நாலு."

"ஸ்பான்சர் பேரு கண்டிப்பா வேணுங்ணா. கோப்பை காசு அவருதான்."

இது எல்லாக் கடையிலும் தினமும் நடக்கும் பேச்சு. காசு கொடுத்தவர் பேர் நினைவுக்குரியவர் பேரைவிடப் பெரிதாக இருக்கும் கோப்பைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதற்காக யாரையும் குறை சொல்ல முடியாது, காசு உண்மையானது. ஆனால் ஒரு தகட்டில் இரண்டு பேர் பெரிதாக இருக்க முடியாது. நடுவில் அடுக்கும்போது கண் எது பெரிதோ அதில் முதலில் விழும். இரண்டும் பெரிது என்றால் எதிலும் விழாது. எங்களிடம் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. கட்டையின் பின்பக்கத்திலும் தகடு ஒட்டலாம். அங்கே வழங்கியவர், பட்டம், பதவி, குழு, ஆண்டு எல்லாம். பரிசு கொடுக்கும்போது வழங்குபவர் கோப்பையின் பின்னால்தான் நிற்பார், தகடு அவர் கண்ணுக்கு நேராக இருக்கும் என்றேன். பசங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். போனில் கேட்டார்கள். சரி என்று வந்தது.

அப்போது பெரியவர் முதல் தடவை பேசினார்.

"ஏனுங் தம்பி, அந்த அமரர்ங்கிறத எடுத்துரலாங்களா?"

பசங்களில் ஒருவன், "மாமா, எல்லாக் கோப்பையிலும் போடறதுதானுங்" என்றான்.

"போடட்டும். இது வருஷத்துல ஒரு ராத்திரியாவது எங்கூட்டுல இருக்கும். அவங்கம்மா படிப்பாங்க. நினைவுன்னு கீழ போட்டிருக்குதில்லைங்க. அதுல தெரியாதா?"

தெரியும். 'நினைவு' என்ற சொல் அந்த வேலையை முழுக்கச் செய்துவிடுகிறது. 'அமரர்' அதையே இரண்டாவது முறை சொல்கிறது. நான் அவரிடம் அதைச் சொல்லவில்லை. திரையில் காட்டினேன். பையனுக்கு இரண்டு தலைப்பெழுத்து, அப்பா ஒன்று, அம்மா ஒன்று. பேரோடு சேர்த்துப் பதினொரு வடிவம். 3.5 உடம்பில் ஒரு வடிவம் 4.2 மில்லிமீட்டர். பதினொன்றுக்கு 46, புள்ளிக்கும் இடைவெளிக்கும் ஐந்து, ஆக 51 மில்லிமீட்டர். 'அமரர்' என்பது நான்கு வடிவம், இடைவெளியோடு 19. இரண்டையும் கூட்டினால் 70. ஒரு நூல் இடம் மிச்சமில்லாமல் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை. 'அமரர்' இருந்தால் பேரைச் சுருக்க வேண்டும், அல்லது அம்மாவின் தலைப்பெழுத்தை எடுக்க வேண்டும். அதை எடுத்துவிட்டால் பேர் நடுவில் தாராளமாக உட்காரும், இரு பக்கமும் காற்றோடு.

"அம்மா எழுத்து இருக்குதுங்களா?" என்றார்.

"இருக்குதுங்க."

அவ்வளவுதான் பேசினார்.

இப்படி இடம் முட்டும்போது கடைகளில் இரண்டு குறுக்கு வழி உண்டு. எழுத்தைப் பக்கவாட்டில் அமுக்குவது ஒன்று. உயரம் அப்படியே இருக்க, அகலத்தை எண்பது சதவீதமாக்குவது. இங்கிலீஷில் இது ஓரளவு தப்பிக்கும். தமிழில் முதலில் அடிபடுவது 'ண'வும் 'ணை'யும்தான். சுழி நீள்வட்டமாகி ஒட்டிக்கொள்ளும். நிற்கும் கோடு ஒல்லியாகி, படுத்த கோடு தடியாகவே இருக்கும். பார்ப்பவருக்கு என்னவென்று தெரியாமலே ஒரு அசௌகரியம். இன்னொன்று அதற்கு நேர்மாறு. வரி குட்டையாக இருந்தால் எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி விட்டு இழுப்பது. இங்கிலீஷ் கோப்பைகளில் அழகாகச் செய்வார்கள். தமிழில் இழுத்தால் 'கோ' மூன்றாக உடைந்து, இரட்டைச் சுழி ஒரு பக்கம், க ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று நிற்கும். காலை 'ர' என்று படித்துவிடுவார்கள். தமிழ் வரி குட்டையாக இருந்தால் குட்டையாகவே விட்டுவிட வேண்டும். நடுவில் அடுக்குவதே அதற்குத்தானே.

நடுவில் அடுக்குவதிலும் ஒரு நுணுக்கம். வரிகளின் நீளம் ஒன்றுக்கொன்று தெளிவாக வேறுபட வேண்டும். இரண்டு வரி 44, 45 மில்லிமீட்டர் என்று வந்தால், நடுவில் அடுக்கியது போலத் தெரியாது. சமமாக வைக்கப் பார்த்துத் தவறியது போலத் தெரியும். முதலில் நான் மூன்றாம் வரியை 'கபடிப் போட்டி – முதல் பரிசு' என்று போட்டு, நான்காவதில் ஆண்டை மட்டும் வைத்துப் பார்த்தேன். மூன்றாம் வரி 2.2 உடம்பில் 44, 45 வந்தது. மேலே 'நினைவுச் சுழற்கோப்பை'யும் 44. ஒன்றின் கீழ் ஒன்று பெட்டி மாதிரி அடைத்துக்கொண்டு நின்றது. வரியை மாற்றி உடைத்ததும் சரியானது. கடைசியில் தகட்டில் போனது இது. பேருக்குப் பதில் கோடு போட்டிருக்கிறேன்:

———— (பேர், 3.5)
நினைவுச் சுழற்கோப்பை (2.5)
முதல் பரிசு (2.2)
கபடிப் போட்டி 2019 (2.2)

அகலம் முறையே 51, 44, 16, 32. வரிகள் பொருளோடும் உடைகின்றன. யார், எதற்கு, என்ன பரிசு, எந்தப் போட்டி. ஒவ்வொரு வரியும் தனியாகப் படித்தாலும் நிற்கும். 'நினைவுச்' என்று ஒரு வரியில் முடித்துவிட்டு 'சுழற்கோப்பை' என்று அடுத்ததில் ஆரம்பித்த தகடுகளைப் பார்த்திருக்கிறேன். ஒற்று அந்தரத்தில் தொங்கும்.

உயரக் கணக்கில் கடைசி வரி எனக்கு ஓர் உதவி செய்தது. 'கபடிப் போட்டி 2019' என்பதில் ஒரு வால் கூடக் கிடையாது. எல்லாம் அடிக்கோட்டில் நிற்கின்றன. அதனால் அந்த வரிக்கு 1.9 பங்கு தேவையில்லை, 1.45 போதும். 6.65, 4.75, 4.2, 3.2; கூட்டினால் 18.8. பத்தொன்பதுக்குள் வந்துவிட்டது. 'முதல் பரிசு' கடைசியில் இருந்திருந்தால் வந்திருக்காது. அது மட்டுமில்லை. கோரல் டிராவில் எல்லாவற்றையும் பிடித்து P அழுத்தினால் பக்கத்தின் நடுவுக்குப் போய்விடும். ஆனால் மென்பொருளுக்கு நடு என்பது மேலே மிக உயர்ந்த விசிறியிலிருந்து கீழே மிகத் தாழ்ந்த வால் வரை அளந்து பாதியாக்குவது. கடைசி வரியில் ஒரே ஒரு 'சு' இருந்தால் அந்த ஒரு வாலுக்காக முழு வாசகத்தையும் மேலே தள்ளிவிடும். கண் அப்படிப் பார்ப்பதில்லை, கண் உடம்புகளைத்தான் பார்க்கிறது. வாலும் விசிறியும் தனித்து நிற்கும்போது அவற்றைக் கணக்கில் சேர்க்காமல் கையால் அரை மில்லிமீட்டர் இறக்கியோ ஏற்றியோ வைக்க வேண்டியிருக்கும். அதே மாதிரி வரிக் கடைசியில் யாரோ தட்டிய ஒரு காலி இடம் திரையில் தெரியாது, ஆனால் வரியை இடப்பக்கம் நகர்த்திவிடும். அதை முதலிலேயே அழித்துவிடுவது நல்லது.

நடுவில் அடுக்குவது நமக்குப் பழைய வழக்கம் இல்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துக்கு வடக்கே தருமபுரி, செங்கம் வட்டாரத்தில் நடுகற்கள் நிறைய. அவையும் ஒரு வகையில் இதே வேலைதான். அளவு தீர்மானமான ஒரு கல், நடுவில் வீரனின் உருவம், மிச்ச இடத்தில் சில வரி. எந்த அரசனுக்கு எத்தனையாவது ஆண்டு, யாருடைய ஆள், எந்த ஊர் ஆநிரைக்காகச் செத்தான். அங்கே வரி இடப்பக்கம் ஆரம்பித்துக் கல் முடியும் இடத்தில் முடியும். சொல்லின் நடுவிலேயே உடையும். மிச்ச எழுத்து அடுத்த வரிக்குப் போகும். மெய்க்குப் புள்ளி வைப்பது அபூர்வம். படிப்பவன் சேர்த்துப் படித்துக்கொள்வான் என்ற நம்பிக்கை. அச்சு வந்து, புத்தகத்தின் முகப்புப் பக்கமும் கல்யாணப் பத்திரிகையும் வந்த பிறகுதான் நாம் நடுவில் அடுக்கக் கற்றுக்கொண்டோம். கற்சிற்பிக்கு நான்கு வரியில் ஒரு மனிதன் போதுமாக இருந்திருக்கிறது என்பதை நினைக்கும்போது, ஏழு வரித் தாளோடு வருகிறவர்களிடம் பேசக் கொஞ்சம் தைரியம் வரும்.

இனி அந்தக் கடைசி 'ர்'. இது தமிழில் மட்டுமே வரும் தொல்லை. ஓலைச்சுவடியில் 'ர'வும் காலும் ஒரே கோடுதான். பிறகுதான் 'ர'வுக்குப் பாதம் வந்தது. ஆனால் புள்ளி வைத்த 'ர்' மட்டும் அச்சிலும் தட்டச்சிலும் வெகுகாலம் பாதம் இல்லாமல், காலின் மேல் புள்ளியாகவே இருந்தது. அந்தப் பழக்கத்தில் தட்டச்சு செய்தவை யூனிகோடுக்கு மாறும்போது 'ர்' என்பதற்குப் பதில் 'ா்' என்று, கால் கூட்டல் புள்ளி என்று வந்து சேர்கின்றன. வாட்ஸ்அப்பில் வரும் பேர்களில் இது சர்வ சாதாரணம். செல்போன் திரையில் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். எங்கள் எழுத்துருவில் போட்டால் புள்ளி சற்று விலகி நிற்கும், பாதம் இருக்காது; சிலவற்றில் வட்டக் குறி ஒன்று முளைக்கும். இன்னொரு இடறலும் உண்டு. பழைய கோரல் டிரா பதிப்புகள் யூனிகோடு தமிழைச் சரியாகக் கோர்க்காது. அதனால் பல கடைகளில் வாசகத்தைப் பாமினி மாதிரிப் பழைய குறியீட்டுக்கு மாற்றித்தான் ஒட்டுவோம். பாமினியில் 'தமிழ்' என்பது உள்ளே jkpo; என்று இருக்கும். எழுத்துரு இல்லாத வேறு கம்ப்யூட்டரில் கோப்பைத் திறந்தால் இந்த இங்கிலீஷ்தான் தெரியும். மாற்றியில் 'ா்' போனால் அது காலாகவே மாறும், பாதம் வராது. எனவே பேரை மட்டும் நான் ஒட்டுவதில்லை. ஒவ்வொரு எழுத்தாகக் கையால் தட்டுவேன். எல்லாம் முடிந்ததும் எழுத்தைக் கோடாக மாற்றிவிடுவேன். அதன் பிறகு எந்த மெஷினில் திறந்தாலும் அது எழுத்து இல்லை, படம். மாறாது.

சரிபார்ப்பதற்குச் செல்போனில் படம் அனுப்பச் சொல்வார்கள். அனுப்புவேன், ஆனால் அதை நம்புவதில்லை. செல்போனில் மூன்று அங்குலத் தகடு ஆறு அங்குலமாகத் தெரியும். விரலால் இழுத்தால் ஓர் அடி. அதில் எந்த 'ண'வும் அழகாகத்தான் இருக்கும். தாளில் நிஜ அளவில் அச்செடுத்து, கத்தரித்து, கட்டையில் ஒட்டிப் பார்ப்பதுதான் வழி. அன்றைக்கும் அப்படித்தான் செய்தேன். பேரைப் பெரியவரிடம் கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்துக்குப் படிக்கச் சொன்னேன். முன்னாலிருந்து படித்தால் மனசு தெரிந்த பேரைத் தானே படித்துவிடும், கண் பார்க்காது. பின்னாலிருந்து போனால் ஒவ்வொரு எழுத்தாகத்தான் போக முடியும். அவர் விரல் வைத்துப் படித்தார். 'ர்'. 'மா'. 'ண' வரும்போது விரல் நின்றது. சுழியை எண்ணினார். பிறகு மேலே போனார். கடைசியில் இரண்டு தலைப்பெழுத்து. அதற்குப் பிறகு தாளைத் திருப்பித் தரவில்லை, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இன்னொன்று அச்செடுத்துக்கொண்டேன்.

சுழற்கோப்பை என்பதால் வேலை அன்றோடு முடியவில்லை. ஒவ்வொரு வருஷமும் ஜெயித்த குழுவின் பேர் கட்டையைச் சுற்றி ஒரு குட்டித் தகடாகச் சேரும். ஒன்றரைக்கு அரை அங்குலம். அதில் இரண்டு வரி: ஆண்டு, குழு. கட்டை ஆறு அங்குல விட்டம், சுற்றளவு பத்தொன்பது அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. ஒரு தகடும் ஓர் இடைவெளியும் சேர்ந்து இரண்டு அங்குலம் என்றால் ஒரு சுற்றுக்கு ஒன்பது. ஒன்பது வருஷம். இதை முதல் வருஷமே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் முதல் தகட்டை முன்பக்கம் நட்டநடுவில் ஒட்டி, இரண்டாவதை அதன் பக்கத்தில் ஒட்டி, ஐந்தாவது வருஷம் இடைவெளி ஒழுங்கில்லாமல் போகும். எழுத்துயரத்தையும் முதல் வருஷக் குழுவின் பேரை வைத்து முடிவு செய்யக் கூடாது. வட்டாரத்தில் ஜெயிக்க வாய்ப்புள்ள குழுக்களில் எந்தப் பேர் நீளம் என்று கேட்டு, அது அடங்கும் அளவை எல்லாருக்கும் வைக்க வேண்டும். சின்னப் பேர் வந்தால் பெரிதாக்கும் ஆசை வரும். ஆக்கினால் அந்த வருஷம் மட்டும் பெரிய வெற்றி போலத் தெரியும்.

உலகத்தில் இந்தப் பிரச்சினையை நெடுநாளாகச் சமாளித்து வருவது கனடாவிலும் அமெரிக்காவிலும் ஆடும் ஐஸ் ஹாக்கியின் ஸ்டான்லி கோப்பை. அதில் ஜெயித்த குழு மட்டுமில்லை, ஆட்டக்காரர்கள் பேரும் பொறிக்கப்படும். பீப்பாய் மாதிரி உடம்பைச் சுற்றி வளையங்கள். ஒரு வளையத்துக்குப் பதிமூன்று ஆண்டு. கடைசி வளையம் நிறைந்ததும் மேலே இருக்கும் பழைய வளையத்தைக் கழற்றி, டொரண்டோவில் இருக்கும் ஹாக்கி அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டுக் கீழே புது வளையம் சேர்ப்பார்கள். கோப்பை வளர்வதே இல்லை. அதிலும் பிழைகள் உண்டு. 1972இல் ஜெயித்த பாஸ்டன் குழுவின் பேரில் ஓ வர வேண்டிய இரண்டு இடத்திலும் க்யூ விழுந்திருக்கிறது. 1984இல் ஓர் உரிமையாளர் தன் அப்பாவின் பேரைச் சேர்த்துவிட, அது கூடாதென்று அந்தப் பேரின் மேலேயே வரிசையாக எக்ஸ் அடித்தார்கள். வெட்டிய உலோகத்தில் அழிப்பது அவ்வளவுதான் முடியும். எங்களுக்கு அந்தக் கவலை குறைவு. தகடு மலிவு, உரித்துவிட்டு இன்னொன்று ஒட்டலாம். ஆனால் உரித்தால் கட்டையின் பாலிஷ் கூடவே வரும். தழும்பு நிற்கும்.

அந்தக் கோப்பையின் கோப்பு இன்னும் என் கம்ப்யூட்டரில் இருக்கிறது. ஒவ்வொரு தை மாதமும் யாராவது ஒரு பையன் போன் செய்து குழுவின் பேரைச் சொல்வான். ஆண்டை மாற்றி, பேரைத் தட்டி, அதே உயரத்தில், அதே இடைவெளியில் போட்டுத் தருவேன். கொரோனாவால் ஆட்டம் நடக்காத வருஷத்துக்கு என்ன செய்வது என்று கேட்டார்கள். வெறும் தகடு ஒட்டலாமா, இடத்தை விட்டுவிடலாமா. ஆடாத வருஷத்துக்கு இடம் விட வேண்டாம் என்றேன். ஒன்பதில் ஒன்று குறையும். பெரியவரைக் கேட்டுச் சொல்கிறோம் என்று வைத்தார்கள். அரை மணி கழித்து அவரே கூப்பிட்டார்.

"தகடு வேண்டாங் தம்பி. ஆனா அந்த வருஷம் கோப்பை எங்கூட்டுலயே இருந்துச்சுங்க. முழு வருஷமும். அவங்கம்மா தெனமும் தொடச்சாங்க."

அந்தத் தகட்டின் எழுத்து தேயவில்லையே என்று கேட்டேன். ஸ்டீலில் லேசர் கறுப்பு துணிக்குத் தேயாது. புளி, எலுமிச்சை, பாத்திரம் தேய்க்கும் நார் மட்டும் கூடாது.

"இல்லைங்க" என்றார். "மூணு சுழியும் அப்படியேதான் இருக்குது."